மூன்றாம் கட்டத்தின் முன்பாதி

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் இருக்கிறது வழுதூர் எரிவாயு மின்நிலையம். சுற்றுவட்டாரக் கிணறுகளில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவை எரித்து, தமிழ்நாடு மின்வாரியம் இங்கே இரண்டு அலகுகளை ஓட்டுகிறது. 95 மெகாவாட் கொண்ட முதல் அலகு 2002-03இலும், 92 மெகாவாட் கொண்ட இரண்டாவது 2008-09இலும் ஓடத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 60 மெகாவாட் வாயு டர்பைனிலிருந்து வருகிறது. அதன் புகைச்சூட்டில் நீராவி ஆக்கி, மீதியை நீராவி டர்பைனில் எடுக்கிறார்கள். இந்த வகை வாயு டர்பைனின் முதல் வரிசைச் சுழல் பிளேடு எப்போது ஓய்வு பெற வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பொறியியல் படித்த யாருக்கும் கிரீப் வளைகோடு தெரியும். முதலில் வேகமாக நீண்டு தணியும் கட்டம், பிறகு சீரான வேகத்தில் நீளும் நெடிய கட்டம், கடைசியில் வேகம் பிடித்து முறியும் கட்டம் என அது மூன்றாகப் பிரியும். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு, "பிளேடு இரண்டாம் கட்டத்தில் இருக்கும்வரை கவலையில்லை, மூன்றாம் கட்டம் வந்தால் கழற்றிவிடலாம்" என்று நினைப்பவர்கள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. நிக்கல் உலோகக் கலவையால் ஆன பிளேடுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதே என் வாதம். அந்தப் பிளேடு தன் ஆயுளின் பெரும்பகுதியை மூன்றாம் கட்டத்தில்தான் கழிக்கிறது. ஆகவே நாம் தேட வேண்டிய எல்லை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இல்லை, மூன்றாம் கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

பிளேடு எதைத் தாங்குகிறது என்பதை முதலில் பார்க்கலாம். 60 மெகாவாட் அளவுள்ள வாயு டர்பைன்கள் பொதுவாக நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் ஓடும். ஜெனரேட்டருக்கு வேண்டிய 3000 சுற்றுக்குக் கியர்பெட்டி அதைக் குறைத்துக்கொடுக்கும். அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கிலோ உலோகம் 5000 சுற்றில் வெளிப்பக்கமாக இழுக்கும் விசை, கிட்டத்தட்ட 16 முதல் 17 டன் எடை தொங்குவதற்குச் சமம். இந்த இழுவை பிளேடின் அடியில் மிக அதிகம், நுனியில் சுழியம், ஏனென்றால் நுனிக்கு மேலே இழுப்பதற்கு எதுவும் இல்லை. வெப்பமோ வேறு மாதிரிப் பரவுகிறது. அடிப்பகுதியை வட்டத்தட்டின் குளிர்காற்று காக்கிறது. ஆயிரம் டிகிரியைத் தாண்டிய வாயு நேராக அடிப்பது நடு உயரத்தில். உள்ளே ஓடும் குளிர்விப்புக் காற்றின் தயவால் அங்கே உலோகம் 850 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கிறது. அடியில் இழுவை உண்டு, சூடு இல்லை. நுனியில் சூடு உண்டு, இழுவை இல்லை. இரண்டும் சேர்ந்து கடிக்கும் இடம் பிளேடின் நடுப்பகுதி. கிரீப் தேடுகிறவர் முதலில் கண் வைக்க வேண்டியதும் அங்கேதான்.

850 டிகிரி இந்த உலோகத்துக்கு எவ்வளவு பெரிய சூடு என்பதற்கு அதன் உருகுநிலைதான் அளவுகோல். ஐஎன்-738 போன்ற கலவை 1230 டிகிரிக்கு மேல் உருகத் தொடங்கும். கெல்வினில் கணக்கிட்டால், பிளேடு தன் உருகுநிலையின் முக்கால் பங்கு சூட்டில் வேலை செய்கிறது. உருகுநிலையில் பாதியைத் தொட்டாலே உலோகம் நிலையான எடைக்குக் கீழ் நிற்காமல் நீள ஆரம்பித்துவிடும். 1910இல் ஆன்ட்ரேட் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் ஈயக் கம்பியில் எடையைத் தொங்கவிட்டு இதை அளந்தார். ஈயம் 327 டிகிரியில் உருகுவதால் அறைச்சூடே அதற்குப் பாதி உருகுநிலை, அடுப்பு தேவைப்படவில்லை. அங்கிருந்து வளர்ந்ததுதான் மூன்று கட்ட விளக்கம். முதல் கட்டத்தில், அணு அடுக்குகளில் இருக்கும் பிழைக்கோடுகள் நகர்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சிக்கல் கூடக்கூட நகர்வு தடைபட்டு வேகம் குறைகிறது. இரண்டாம் கட்டத்தில், சூட்டினால் சிக்கல் அவிழும் வேகமும் புதிதாகச் சிக்கும் வேகமும் சமமாகி, நீட்சி ஒரே சீராகப் போகிறது. மூன்றாம் கட்டத்தில், படிகக் குருணைகளின் எல்லைகளில் நுண்துளைகள் தோன்றி, அவை இணைந்து வெடிப்பாகி, மிஞ்சிய உலோகத்தின்மேல் பாரம் ஏறி, கடைசியில் முறிவு. ஈயம், செம்பு, எளிய எஃகு போன்றவற்றுக்கு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது.

நிக்கல் கலவைகள் தங்கள் வலிமையை வேறு வழியில் பெறுகின்றன. நிக்கலோடு அலுமினியமும் டைட்டானியமும் சேர்ந்து உண்டாகும் நுண்துகள்கள் உலோகம் முழுவதும் நெருக்கமாக விரவிக் கிடக்கின்றன. காமா பிரைம் என்று இவற்றைச் சொல்வோம். புதுப் பிளேடில் இவை மூலை மழுங்காத சின்னச் சின்னக் கனசதுரங்கள், ஒரு பக்கம் அரை மைக்ரான் அளவு. அவற்றுக்கு இடையிலும் இன்னும் பொடியான துகள்கள் உண்டு. பிழைக்கோடு நகர வேண்டுமானால் இவற்றின் குறுகலான சந்துகளில் நுழைந்துபோக வேண்டும், அதனால்தான் பிளேடு தாங்குகிறது. இந்த வகைக் கலவையை ஆய்வகத்தில் அடுப்பில் வைத்து, நெம்புகோலில் எடை தொங்கவிட்டு நீட்சியைப் பதிவுசெய்தால் கிடைக்கும் வளைகோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சீரான இரண்டாம் கட்டம் என்று கைவைத்துக் காட்ட அதில் நேர்கோடு எதுவும் இல்லை. வேகம் குறைந்து, ஒரு சதவீதத்தில் சிறு பங்கு நீள்வதற்குள் தன் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு, உடனே மெல்ல ஏறத் தொடங்கிவிடும். நீளம் ஒரு சதவீதம் கூடும்போது வேகம் அடிமட்டத்தைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். பாடநூல் இதற்குக் காரணமாகச் சொல்லும் இரண்டும் இங்கே தேறவில்லை. கம்பி மெலிவதால் பாரம் கூடியது என்றால், ஒரு சதவீத நீட்சிக்குக் குறுக்குப்பரப்பு ஒரு சதவீதம்தான் குறையும். கிரீப் வேகம் இழுவையின் எட்டாம் அடுக்கைப் போல் ஏறும் என்று வைத்துக்கொண்டாலும் அது 8 சதவீதக் கூடுதலைத்தான் விளக்கும். துளைகள் காரணம் என்றால், அந்தக் கட்டத்தில் மாதிரியை அறுத்துப் பார்த்தால் துளை அரிதாகவே கண்ணில் படும். அப்படியென்றால் உலோகம் உள்ளுக்குள்ளேயே மென்மையாகிக்கொண்டு போகிறது. நீள நீளப் பிழைக்கோடுகளின் எண்ணிக்கை பெருகுகிறது, அவற்றைத் தடுத்துநிறுத்த வேண்டிய காமா பிரைம் துகள்களும் பருத்து விலகுகின்றன. மூன்றாம் கட்டம் என்று நாம் பயப்படும் முடுக்கம், பிளேடில் முறிவுக்கு வெகுகாலம் முன்பே, வெடிப்பு எதுவும் இல்லாமல் தொடங்கிவிடுகிறது.

இந்தப் பருத்தலைக் கண்ணால் பார்க்கலாம். ஓடிய பிளேடு ஒன்றை அறுத்து, அடிப்பகுதியிலிருந்து ஒரு துண்டும் நடு உயரத்திலிருந்து ஒரு துண்டும் எடுத்து, கண்ணாடிபோல் மெருகேற்றி, மயில்துத்தமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த மார்பிள் கரைசலில் சில நொடிகள் காட்டிவிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். அடித்துண்டு சூடு காணாதது, அதில் வார்ப்பாலை அனுப்பியபடியே கனசதுரங்கள் நேர்த்தியாக நிற்கும். ஆக, புதிதாக இருந்தபோது பிளேடு எப்படி இருந்தது என்பதற்கான சான்று பிளேடின் அடியிலேயே பத்திரமாக இருக்கிறது. பழைய ஆவணம் எதையும் தேடிப்போக வேண்டியதில்லை. நடுத்துண்டில் மூலைகள் உருண்டு, பெரியது சின்னதை விழுங்கி, இடையில் இருந்த பொடித்துகள்கள் கரைந்து காணாமல் போயிருக்கும். துகள் பருப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அளவின் முப்படி, கழிந்த காலத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். அந்த வேகமோ சூட்டைப் பொறுத்துக் கடுமையாக மாறும். ஓட்ட மணி எவ்வளவு என்பது பதிவேட்டில் இருக்கிறது, துகள் அளவு படத்தில் இருக்கிறது. இரண்டையும் வைத்து, அந்த இடத்தில் உலோகம் சராசரியாக எத்தனை டிகிரியில் இருந்தது என்று திருப்பிக் கணக்கிடலாம். சுழலும் பிளேடின் உட்பகுதிச் சூட்டை அன்றாட ஓட்டத்தில் அளக்கும் கருவி எந்த மின்நிலையத்திலும் கிடையாது. கட்டுப்பாட்டு அறையில் தெரிவது புகைவழியின் சூடு, அதிலிருந்து ஊகித்த எரிதழல் சூடு, அவ்வளவே. பிளேடு எந்தச் சூட்டில் இருந்தது என்பதை அதன் துகள்கள்தான் எழுதிவைத்திருக்கின்றன.

அந்தச் சூடு தெரிவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 1952இல் லார்சனும் மில்லரும் தந்த சூத்திரம் போதும். P = T (20 + log t) என்பது அது. T கெல்வினில், t முறியும்வரை ஆகும் மணிநேரம். ஒரே இழுவையில் ஓர் உலோகத்துக்கு P மாறாது. 850 டிகிரியில், அதாவது 1123 கெல்வினில், ஒரு லட்சம் மணிநேரம் தாங்கும் பிளேடு என்று எடுத்துக்கொள்வோம். P = 1123 × 25 = 28,075. அதே பிளேடு 865 டிகிரியில் ஓடினால் 28,075ஐ 1138ஆல் வகுக்க வேண்டும். 24.67 வருகிறது. இருபதைக் கழித்தால் மடக்கை 4.67, அதாவது ஏறத்தாழ 47,000 மணிநேரம். பதினைந்து டிகிரியில் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பத்து டிகிரிக்கே 60,000 மணிநேரமாகிவிடும். இந்தக் கடற்கரையின் வெயில் இந்தக் கணக்கில் நேரடியாக நுழைகிறது. பிளேடைக் குளிர்விக்கும் காற்று வெளியிலிருந்து வருவதில்லை, கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் காற்றிலிருந்தே பிரிகிறது. பன்னிரண்டு மடங்கு அழுத்தும் கம்ப்ரசரில் 26 டிகிரியில் நுழையும் காற்று 381 டிகிரி வாக்கில் வெளிவரும். கோடை மதியத்தின் 38 டிகிரிக் காற்று 407 வாக்கில் வரும். வெளியே பன்னிரண்டு கூடினால் உள்ளே இருபத்தாறு கூடுகிறது. எரிதழலை அதே சூட்டில் வைத்திருந்தால், பிளேடு உலோகத்துக்கு அதில் சுமார் பத்து டிகிரி போய்ச் சேரும். குளிர்நாட்டுக் காற்றை வைத்து எழுதிய ஆயுள் எண்ணை இந்தப் பக்கம் அப்படியே நம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். இந்தச் சூத்திரமும் வேதவாக்கு இல்லை. ஒரு லட்சம் மணி என்பது பதினோரு ஆண்டுக்கு மேல். ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகத்திலும் கல்பாக்கத்திலும் நெடுங்காலக் கிரீப் சோதனைகள் நடக்கின்றன என்றாலும், பெரும்பாலான எண்கள் அதிகச் சூட்டில் குறுகிய காலம் சோதித்து நீட்டிக் கணித்தவை. துகள் பருப்பது காலத்தைத் தின்னும் வேலை, குறுகிய சோதனையில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் நீட்டிக் கணித்த எண் பெரும்பாலும் நம்பிக்கை மிகுந்த பக்கமே சாய்ந்திருக்கும்.

என் வாதத்துக்கு முதலில் வரும் மறுப்பு எளிமையானது. ஒவ்வொரு ஷட்டவுனிலும் பிளேடின் நீளத்தை அளந்துகொண்டே வந்தால் முடுக்கம் தானே தெரிந்துவிடாதா? தெரியாது. இருபது சென்டிமீட்டர் பிளேடு ஒட்டுமொத்தமாக 0.1 சதவீதம் நீண்டால் அது 0.2 மில்லிமீட்டர். நுனி உரசித் தேய்வதும், மேல்பூச்சு ஆக்சைடாகித் தடிப்பதும் அதே அளவில்தான் இருக்கின்றன. அதற்குமேல், பிளேடு முழுவதும் ஒரே மாதிரி நீள்வதில்லை. நடுவில் ஒரு சின்னப் பட்டை ஒரு சதவீதம் நீண்டிருக்கும்போது மொத்த நீளத்தில் அது கரைந்துபோகும். சூடான பகுதியைத் திறந்து பார்ப்பதும் பல இயந்திரங்களில் சுமார் 24,000 மணிநேரத்துக்கு ஒருமுறைதான். இரண்டு திறப்புகளுக்கு நடுவில் கிடைக்கும் இரண்டே இரண்டு புள்ளிகளை வைத்து வளைகோட்டின் வளைவைப் படிக்க முடியாது. நீள அளவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிளேடு மட்டும் கூட்டத்திலிருந்து விலகி நீண்டிருந்தால், அதன் குளிர்விப்புத் துளை அடைபட்டிருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். கட்டத்தைச் சொல்ல மட்டும் அது உதவாது.

இரண்டாவது மறுப்பு கனமானது, அனல்மின் நிலையங்களில் வேலை பார்த்தவர்கள் சொல்வது. இதே கடற்கரையில் தெற்கே தூத்துக்குடியில் 210 மெகாவாட் அலகுகள் 540 டிகிரி வாக்கிலான நீராவியில் ஓடியிருக்கின்றன. கிரீப் சூட்டில் இருக்கும் கொதிகலன் பாகங்கள் ஒரு லட்சம் மணி கடந்தால் எஞ்சிய ஆயுளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது இந்தியக் கொதிகலன் விதி. நீராவிக் குழாயின் பற்றவைப்பு ஓரத்தை மெருகேற்றி, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் அதன் அச்சை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ரெப்ளிக்கா என்று அதற்குப் பெயர். தனித்தனித் துளையா, வரிசைகட்டிய துளையா, நுண்வெடிப்பா, பெருவெடிப்பா என்று தரம் பிரித்து, மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்வார்கள். பல பத்தாண்டாகப் பலன் தந்த முறை இது. பிளேடுக்கும் இதையே செய்தால் என்ன? குழாய் எஃகில் துளைகள் ஆயுளின் நடுவிலேயே தலைகாட்டி, தரம் தரமாக வளர்ந்து, எச்சரிக்கை தந்துகொண்டே இருக்கும். சுவர் தடிமனும் தாராளம், வெடித்தாலும் பெரும்பாலும் முதலில் கசியும். நிக்கல் பிளேடில் துளை கண்ணில் படும்போது ஆயுளின் வால்பகுதி வந்துவிட்டது. அதுவும் மேற்பரப்பில், பூச்சுக்கு அடியில் ஒளிந்திருக்கும். சுவர் சில மில்லிமீட்டர்தான். ஒரு பிளேடு பறந்தால் பின்னால் உள்ள வரிசைகள் எல்லாமே போகும். குழாயில் துளை முன்னெச்சரிக்கை தருகிறது, பிளேடில் அது வருவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ரெப்ளிக்கா முறையை ஒரே நிலையத்தின் நீராவிப் பக்கத்தில் நம்புவதும், வாயுப் பக்கத்தில் நம்ப மறுப்பதும் முரண்பாடு இல்லை.

மூன்றாவதாக, உப்பைக் காட்டிக் கிரீப்பையே இரண்டாம் பட்சமாக ஒதுக்குவோர் உண்டு. மண்டபத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் துருப்பிடிப்பை ஆராயத் தன் நிலையத்தை அமைத்தது சும்மா இல்லை. பாம்பன் பாலத்தின் இரும்புக்கு நேர்ந்ததை ஊரே அறியும். இந்தக் காற்றை இழுக்கும் டர்பைனில், வடிகட்டியைத் தாண்டிவரும் கடலுப்பின் சோடியம், கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்ஃபேட்டாகப் பிளேடில் படிகிறது. அது உருகிய நிலையில் காப்பு ஆக்சைடைக் கரைத்து உலோகத்தைத் தின்கிறது. இங்கே பிளேடு உப்பால்தான் சாகும், கிரீப்பால் அல்ல என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. அரிப்பு பிளேடு முழுவதையும் சமமாகச் சுரண்டினால் கிரீப் அதிகம் பாதிக்கப்படாது. பரப்பு குறையும் அளவுக்கு மேலே தொங்கும் எடையும் குறைந்துவிடும், இழுவை அப்படியே இருக்கும். ஆனால் உப்பு சமமாகத் தின்பதில்லை, குழி குழியாகத் தின்கிறது. நடு உயரத்தில் ஒரே ஒரு குறுக்குவெட்டில் மட்டும் 5 சதவீதம் பரப்பு போனால், மேலே உள்ள எடை மாறாததால் அந்த இடத்தில் இழுவை ஐந்தேகால் சதவீதம் கூடும். எட்டாம் அடுக்குக் கணக்கில் அது கிரீப் வேகத்தை ஒன்றரை மடங்காக்கும். இரண்டும் தனித்தனி நோய்கள் அல்ல, உப்பு தொடங்குவதைக் கிரீப் முடிக்கிறது. முறிந்த இடத்தில் அரிப்புக் குழி இருந்தது என்பதாலேயே கிரீப்புக்குப் பங்கில்லை என்று அறிக்கை எழுதிவிடுவது அவசரம்.

இனி, மூன்றாம் கட்டத்துக்குள்ளே இருக்கிறது என்று நான் சொன்ன எல்லை. துகள்கள் பருத்து, பிழைக்கோடுகள் பெருகி, வேகம் ஏறிக்கொண்டிருக்கும் முன்பாதியில் பிளேடு கெட்டுப்போனாலும் அந்தக் கேடு மீளக்கூடியது. மேல்பூச்சை உரித்துவிட்டு வெற்றிட உலையில் 1120 டிகிரியில் இரண்டு மணிநேரம் வைத்தால், பருத்த துகள்களில் பெரும்பகுதி கரையும். வேகமாகக் குளிரவைத்து மறுபடி 845 டிகிரியில் 24 மணிநேரம் வைத்தால் புதுத்துகள்கள் பொடியாக எழும். ஐஎன்-738க்கு ஆலையிலேயே செய்யும் பதப்படுத்தல்தான் இது, இரண்டாம் முறையாகச் செய்கிறோம். குருணை எல்லையில் துளைகள் விழுந்துவிட்ட பின்பாதியில் இந்தச் சூடு மட்டும் போதாது. ஆயிரம் வளிமண்டல அளவிலான ஆர்கான் அழுத்தத்தில் சூடேற்றி நசுக்கினால் உட்புறத் துளைகள் மூடிக்கொள்ளும். வெடிப்பு மேற்பரப்பைத் தொட்டுவிட்டால் வாயு அதன் உள்ளேயே புகுந்துவிடும், அழுத்தம் எதையும் மூடாது. அதன்பின் பிளேடு பழைய உலோகம்.

எனவே ஒரு வரிசையில் உள்ள ஏறத்தாழ தொண்ணூறு பிளேடுகளில் ஒன்றை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்து அறுக்க வேண்டியிருக்கிறது. ஒழுங்கான பிளேடை வீணாக்குவானேன் என்று நிதிப் பிரிவு கேட்கும். ஒன்று எல்லாவற்றுக்கும் பிரதிநிதியா என்ற கேள்வி அதைவிட நியாயமானது. எரிப்பு அறைகள் எல்லாம் ஒரே சூட்டில் எரிவதில்லைதான், ஆனால் சுழலும் பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் எல்லா அறைகளுக்கும் முன்னால் போய்வருவதால் அந்த ஏற்றத்தாழ்வு அதற்குச் சராசரியாகிவிடுகிறது. நிலையாக நிற்கும் பிளேடுகளுக்கு இந்த வாதம் செல்லாது, அங்கே புகைவழிச் சூட்டின் பரவலைப் பார்த்து மிகச் சூடான இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். குளிர்விப்புத் துளை அடைபட்டு விதிவிலக்காகிவிட்ட சுழல் பிளேடை, காற்றோட்ட அளவையும் முன்சொன்ன நீள அளவையும் தனியே பிரித்துக் காட்டும். அறுத்த பிளேடின் நடுவிலிருந்து சிறு மாதிரி கடைந்து கிரீப் சோதனையிலும் இட்டால், வேகம் அடிமட்டத்திலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது நேரடியாகவே கிடைக்கும். துகள் பருத்து துளை விழாத நிலை என்றால் மிச்சம் எண்பத்தொன்பதையும் உலைக்கு அனுப்பலாம். அவை திரும்பிவந்ததும் புதுப்பூச்சு ஏற்றி, ஒவ்வொன்றின் எடைத் திருப்பத்தையும் அளந்து, காலியான இடத்தில் வரும் புதுப் பிளேடோடு சமநிலை பார்த்து வட்டத்தட்டில் மாட்ட வேண்டும்.